உஷார்! செஃப் பாசத்தில் ஏத்திப் போட்ட ஒரு வரி, விசாவையே கவிழ்த்துவிடும்

“பையன் நல்லவன், கை சுத்தம். ஒரு படி ஏத்திப் போட்டுக் கொடுத்தா நமக்கு என்ன குறைஞ்சிடப் போகுது?” பெரிய ஹோட்டல் கிச்சன்களில் யாராவது ஒரு கமி வெளிநாடு கிளம்பத் தயாராகும்போதெல்லாம் இந்தப் பேச்சு வரும். எக்ஸிக்யூட்டிவ் செஃப் லெட்டர்ஹெட்டை எடுத்து, கமி டூ-வாக இருக்கும் பையனை ‘செஃப் டி பார்ட்டி’ என்று எழுதி, நாலு புகழ்ச்சி வார்த்தை சேர்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவார். பையன் காலைத் தொட்டுக் கும்பிட்டு வாங்கிக்கொண்டு போவான். இரண்டு பேருக்குமே நல்ல மனசுதான். ஆனால் அந்தத் தாளில் ஒரு கண்ணிவெடி இருக்கிறது.

பல வருஷம் அந்தக் கையெழுத்தைப் போடும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். செஃப் அதைப் பாராட்டுக் கடிதம் என்று நினைத்து எழுதுகிறார். வாங்குகிற இடத்தில் அதைச் சாட்சிப் பத்திரமாகப் படிக்கிறார்கள். வெளிநாட்டு ஹோட்டல்காரர் ஒருவேளை புகழ்ச்சியைப் பார்த்துத் தலையாட்டலாம். விசா அதிகாரிக்குப் புகழ்ச்சியால் ஒரு பயனும் இல்லை. ‘கடின உழைப்பாளி, துடிப்பானவர், குழுவோடு இணைந்து செயல்படுபவர்’ என்ற மூன்று வரியையும் அவர் தாண்டிப் போய்விடுவார். அவர் பேனாவை வைக்கும் இடங்கள் பதவி, தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், சம்பளம், என்ன வேலை என்பவைதான். நாம் பாசத்தில் கை வைப்பதும் சரியாக அதே இடங்களில்தான்.

கனடாவை எடுத்துக்கொள்கிறேன். நம் பையன்கள் நிறையப் பேர் குறிவைக்கும் நாடு என்பதால் மட்டுமல்ல. அந்த நாட்டுக் குடியேற்றத் துறை இந்தக் கடிதத்தில் என்னென்ன இருக்க வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதி வைத்திருக்கிறது. எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியில் நிரந்தர வசிப்புரிமைக்குப் போகிறவர், தான் வேலை செய்த ஒவ்வொரு இடத்திலிருந்தும் கடிதம் வைக்க வேண்டும். அது நிறுவனத்தின் லெட்டர்ஹெட்டில் இருக்க வேண்டும். முகவரி, தொலைபேசி, மின்னஞ்சல் வேண்டும். நேரடி மேலதிகாரியோ, பணியாளர் துறை அலுவலரோ பெயர், பதவி போட்டுக் கையெழுத்திட வேண்டும். அங்கே இருந்த எல்லாப் பதவிகளும், பணிகளும், தேதிகளும், வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதும், ஆண்டுச் சம்பளமும் சலுகைகளும் அதில் வர வேண்டும். ‘எல்லாப் பதவிகளும்’ என்ற சொல்லைக் கவனியுங்கள். கடைசிப் பதவியை மட்டும் எழுதி, அதையே சேர்ந்த நாளிலிருந்து இருந்ததுபோல் காட்டும் பழக்கம் நம்மிடம் பரவலாக இருக்கிறது. கடிதம் அங்கேயே வழுக்கத் தொடங்குகிறது.

ஒரு பையனை வைத்துப் பார்ப்போம். பாலா என்று கூப்பிடுவோம். ஒருவனின் கதை இல்லை, பல பேரின் ஃபைலைச் சேர்த்து நான் தைத்த உருவம். 2021 ஆகஸ்டில் சென்னையில் ஒரு நட்சத்திர ஹோட்டலில் டிரெய்னியாகச் சேர்கிறான், மாதம் 9,000 ரூபாய் ஸ்டைபெண்ட். 2022 ஆகஸ்டில் கமி த்ரீ. 2023 ஜூலையில் கமி டூ, பிடித்தங்கள் போகக் கையில் சேர்வது மாதம் சுமார் 19,000, பே ஸ்லிப்பில் மொத்தம் 21,500. இண்டியன் கிச்சனில் இருக்கிறான். காலை பஃபேயில் தோசை கவுண்டர், மதியம் பேஸ் கிரேவி, கல்யாண சீசனில் பேங்க்வெட்டுக்குக் கைகொடுப்பது என்று நிஜமாகவே உழைக்கிறவன். 2025 ஜனவரியில் கடிதம் கேட்கிறான். “செஃப், கொஞ்சம் ஸ்ட்ராங்கா போட்டுக் கொடுங்க செஃப்.”

செஃப் ஸ்ட்ராங்காகவே போடுகிறார். ‘2021 ஆகஸ்ட் முதல் இன்று வரை செஃப் டி பார்ட்டியாகப் பணிபுரிகிறார். இண்டியன் பிரிவின் முழுப் பொறுப்பும் இவருடையது. பன்னிரண்டு பேரை மேற்பார்வை செய்கிறார். ஆண்டுச் சம்பளம் 4,20,000 ரூபாய்.’

இந்த நாலு வாக்கியத்துக்கு எதிராகப் பாலாவின் ஃபைலிலேயே எத்தனை சாட்சிகள் என்று எண்ணிப் பாருங்கள். பே ஸ்லிப்பின் தலையில் ‘கமி டூ’ என்று அச்சாகியிருக்கும். வங்கிக் கணக்கில் மாதம் 19,000 விழுந்திருக்கும். 21,500-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,58,000 வரும், 4,20,000 எந்தக் கணக்கிலும் வராது. பி.எஃப். பாஸ்புக்கில் முதல் பங்களிப்பு 2022 ஆகஸ்டில் தொடங்கும், ஏனென்றால் அப்ரெண்டிஸாக எடுத்த டிரெய்னிக்குப் பி.எஃப். சட்டம் பொருந்தாது. அதோடு, அவன் கையிலேயே ஒரு நியமனக் கடிதமும் ஒரு கன்ஃபர்மேஷன் கடிதமும் இருக்கும், இரண்டிலும் உண்மைப் பதவி இருக்கும். கடிதத்தை மட்டும் படித்தால் அழகு. மற்ற தாள்களோடு பக்கத்தில் வைத்துப் படித்தால் ஒவ்வொரு வரியும் இன்னொரு தாளால் பொய்யாகிறது. அதிகாரி ஹோட்டலுக்குப் போன் போடவே வேண்டாம்.

கமி டூ-வுக்கும் செஃப் டி பார்ட்டிக்கும் நடுவில் கமி ஒன், டி.சி.டி.பி. என்று படிகள் இருக்கின்றன. மூன்றரை வருஷத்தில், அதுவும் டிரெய்னியாகச் சேர்ந்த நாளிலிருந்தே ஒருவன் சி.டி.பி.யாக இருந்தான் என்றால் கிச்சன் தெரிந்த யாரும் சிரிப்பார்கள். இந்தத் தொழிலின் ஏணி உலகம் முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

இதில் எனக்கு வயிறு எரிகிற விஷயம், அந்தப் பொய் பாலாவுக்குத் தேவையே இல்லை என்பது. கனடாவில் வேலைகளை எண் போட்டு வகைப்படுத்தியிருக்கிறார்கள். 62200 என்பது செஃப், 63200 என்பது குக். திட்டமிடுவதும், கிச்சனை நடத்துவதும், சமையலை இயக்குவதும் செஃப் வகையில் வரும். சூ செஃப், எக்ஸிக்யூட்டிவ் செஃப் எல்லாம் அங்கே. பலவகை உணவுகளைத் தயாரித்துச் சமைப்பவர் குக். லைன் குக், அப்ரெண்டிஸ் குக் என்ற பெயர்கள் அந்த வகைக்குள்ளேயே இருக்கின்றன. நம் கமி செய்கிற வேலை அங்கேதான் பொருந்தும். எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் ஃபெடரல் ஸ்கில்டு வொர்க்கர் பிரிவின் அனுபவக் கணக்குக்குச் செஃப், குக் இரண்டுமே தகுதியான வகைகள். அனுபவ மதிப்பெண்ணில் செஃபுக்கு ஒரு பங்கு, குக்குக்கு அரைப் பங்கு என்று பிரிவினை இல்லை. கணக்கில் வராதது கிச்சன் ஹெல்பர் வேலை. அதாவது, பாலா உண்மையில் சமைத்தான் என்பதை விளக்கமாக எழுதியிருந்தாலே போதும். பதவியை ஏற்றியதால் ஒரு மதிப்பெண்கூடக் கூடவில்லை, செஃப் வகையின் பொறுப்புகளை அவன் செய்ததாக நிரூபிக்க வேண்டிய சுமைதான் தலையில் ஏறியது.

தேதியை நீட்டுவதற்கு வேறு காரணம் உண்டு. அது வெறும் பாசம் இல்லை, கணக்குப் போட்டுச் செய்வது. மதிப்பெண் முறையில் வெளிநாட்டு அனுபவம் மூன்று வருஷம் நிறைந்தால் கூடுதல் புள்ளி கிடைக்கும் ஒரு வாசல் இருக்கிறது. பாலாவுக்கு பி.எஃப். கணக்கில் இரண்டு வருஷம் ஐந்து மாதம், டிரெய்னி காலத்தைச் சேர்த்தால் மூன்று வருஷம் ஐந்து மாதம். அதனால்தான் ‘2021 முதல்’ என்று போடச் சொல்லி யாரோ அவனுக்குக் காதில் ஓதியிருக்கிறார்கள். டிரெய்னி காலத்தை மறைக்கத் தேவையில்லை. ‘2021 ஆகஸ்ட் முதல் 2022 ஜூலை வரை கிச்சன் டிரெய்னி, மாதம் 9,000 ரூபாய் ஸ்டைபெண்ட், வாரம் 48 மணி நேரம்’ என்று உள்ளது உள்ளபடி எழுதுங்கள். சம்பளம் வாங்கிய வேலையாக அதை எடுத்துக்கொள்வதா வேண்டாமா என்பதை அதிகாரி முடிவு செய்யட்டும். ஏற்காவிட்டால் புள்ளிதான் குறையும். அதையே சி.டி.பி. என்று எழுதி மாட்டினால் ஆளே வெளியே.

2020-ல் வேலையில் இருந்தவர்கள் இன்னொரு தடவை பாஸ்புக்கைத் திறந்து பாருங்கள். அந்த மார்ச் கடைசியில் ஊரடங்கு வந்தபோது எத்தனையோ ஹோட்டல்களில் ஆட்களைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பினார்கள். வேலையை விட்டு எடுக்கவில்லை, ஆனால் சில மாதங்களுக்குப் பி.எஃப். வரி காலியாக இருக்கும். ‘2018 முதல் தொடர்ந்து’ என்று செஃப் எழுதிய கடிதம் அந்தக் காலி வரிகளோடு மோதும். அந்த மாதங்களைத் தனியாகச் சொல்லிவிட்டால் யாரும் குற்றம் கண்டுபிடிக்க முடியாது. உலகத்துக்கே தெரிந்த காரணம் அது.

மாட்டினால் என்ன ஆகும்? முதலில் அதிகாரியிடமிருந்து ஒரு கடிதம் வரும், புரொசீஜரல் ஃபேர்னஸ் லெட்டர் என்று பெயர். உன் கடிதத்தில் இன்னின்ன இடம் மற்ற ஆவணங்களோடு ஒத்துப்போகவில்லை, இத்தனை நாளுக்குள் விளக்கம் சொல் என்று கேட்கும். விளக்கம் திருப்தியாக இல்லையென்றால் கனடாவின் குடியேற்றச் சட்டத்தின் 40-வது பிரிவின் கீழ், உண்மையைத் திரித்தார் என்று முடிவாகும். அதற்கான தடை ஐந்து வருஷம். 2014 வரை இரண்டு வருஷமாக இருந்ததைக் கூட்டினார்கள். கனடா மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். போலி ஆவணம் கண்டுபிடித்தால் ஆஸ்திரேலியாவில் மூன்று வருஷம் கதவு மூடலாம், பிரிட்டனில் ஏமாற்றுக்குப் பத்து வருஷம் வரை போகும். இங்கிருந்து தப்பி அங்கே போகலாம் என்றாலும், ‘வேறு நாட்டில் விசா மறுக்கப்பட்டதா’ என்ற கேள்வி பல நாடுகளின் படிவத்தில் உட்கார்ந்திருக்கும். மறைத்தால் அடுத்த பொய். ‘செஃப் எழுதினார், எனக்குத் தெரியாது’, ‘ஏஜென்ட் வைத்த தாள் அது’ என்று சொன்னால் பெரும்பாலும் எடுபடாது, விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டவன் பாலா.

பணிகளை எழுதுகிற பத்தியிலும் ஒரு பொறி இருக்கிறது. கனடாவின் பட்டியலில் குக் வகைக்கு என்னென்ன கடமைகள் என்று இணையத்தில் இருக்கிறது. அதை அப்படியே எடுத்துக் கடிதத்தில் ஒட்டினால் ‘பொருத்தமாக’ இருக்கும் என்று ஒரு யோசனை சுற்றுகிறது. அந்தப் பட்டியலில் மருத்துவமனை நோயாளிகளுக்கு உணவுமுறை நிபுணர் சொல்கிறபடி சிறப்பு உணவு தயாரிப்பதும் ஒரு வரி. அதையும் சேர்த்து ஒட்டி, நட்சத்திர ஹோட்டல் கமி நோயாளிக்குக் கஞ்சி வைத்ததாகக் கடிதம் கொண்டுவருகிறவர்கள் உண்டு! ஒரே வார்த்தைகள் பல ஃபைல்களில் திரும்பத் திரும்ப வந்தால் அதிகாரிக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

சரியான கடிதத்துக்கு வலு கொடுப்பது, அந்தக் கிச்சனில் நின்றவனைத் தவிர வேறு யாராலும் எழுத முடியாத விவரம். செஃபின் பேனாவுக்கு வேலை அங்கேதான். பாலாவுக்கு நான் எழுதுவதாக இருந்தால் பணிகளை இப்படித்தான் எழுதுவேன். கடிதம் ஆங்கிலத்தில் போகும், பொருள் இதுதான்:

‘காலை பஃபேயில் தோசை, ஊத்தப்பம், ஆப்பம் கவுண்டரைத் தனியாகக் கவனித்தார். மாவு புளிக்க வைப்பது முதல் பரிமாறுவது வரை அவர் பொறுப்பு. மதிய ஷிஃப்டில் வெங்காயம்-தக்காளி மசாலா, மக்கனி, முந்திரி என்ற மூன்று பேஸ் கிரேவிகளையும் ஸ்டாண்டர்ட் ரெசிபிப்படி தயாரித்தார், குளிரவைத்துத் தேதி ஒட்டி ஃபிரிட்ஜில் வைத்தார். இரவு ஆ லா கார்ட் நேரத்தில் சி.டி.பி.யின் மேற்பார்வையில் இண்டியன் ரேஞ்சில் சமைத்தார். அடுத்த நாளுக்கான ஸ்டோர் இன்டென்ட்டைத் தயார் செய்து டி.சி.டி.பி.யிடம் கையெழுத்து வாங்கினார். தன் பிரிவு ஃபிரிட்ஜின் வெப்பநிலைப் பதிவேட்டை ஷிஃப்டுக்கு இரண்டு முறை நிரப்பினார். இரண்டு டிரெய்னிகளுக்கு வெட்டும் முறை கற்றுக்கொடுத்தார்.’

‘சி.டி.பி.யின் மேற்பார்வையில்’ என்று நான் எழுதியது அவனைச் சிறுமைப்படுத்தவில்லை. அந்தச் சொல்தான் கடிதத்தை நம்ப வைக்கிறது. ஒரு கமி யாருக்குக் கீழே வேலை செய்தான் என்று தெளிவாகச் சொல்கிற கடிதத்தை எழுதியவர், மற்ற வரிகளையும் பார்த்துத்தான் எழுதியிருப்பார் என்று படிப்பவருக்குத் தோன்றும். பன்னிரண்டு பேரை மேற்பார்வை செய்தான் என்பதைவிட, இரண்டு டிரெய்னிக்கு வெட்டக் கற்றுக்கொடுத்தான் என்பது பலமான வரி. விசாரித்தால் நிற்கும்.

மணி நேர விஷயத்திலும் பெருமை வேண்டாம். கிச்சனில் பிரேக் ஷிஃப்ட் போட்டு, காலை வந்தவன் ராத்திரி பதினொன்றுக்குப் போவான் என்று நமக்குத் தெரியும். அதற்காக ‘வாரம் 72 மணி நேரம்’ என்று எழுதினால் பையனுக்கு லாபமில்லை. வாரம் 30 மணி நேரம் முழுநேர வேலை, அதற்கு மேல் செய்ததைக் கனடா கூடுதல் அனுபவமாக எண்ணுவதில்லை. ஹோட்டலின் ரோஸ்டரிலும் பதிவேட்டிலும் உள்ள நேரத்தை எழுதுங்கள். சம்பளத்துக்கு சி.டி.சி. என்ற பெரிய எண்ணைப் போடாமல், பே ஸ்லிப்பின் மொத்தத் தொகையை ஆண்டுக்கு ஆக்கி எழுதுங்கள். டியூட்டி சாப்பாடு, யூனிஃபார்ம், தங்கும் இடம், சர்வீஸ் சார்ஜ் பங்கு ஆகியவை சலுகை என்று தனி வரியில் வரட்டும்.

இனி, உண்மையான கடிதமும் கவிழ்கிற ஒரு வழி. நிறைய ஹோட்டல்களில், குறிப்பாகப் பெரிய குழுமங்களில், பணி அனுபவக் கடிதம் ஹெச்.ஆர். மட்டும்தான் தர வேண்டும் என்று விதி இருக்கும். செஃப் தன் மேஜை டிராயரில் இருக்கும் லெட்டர்ஹெட்டில் அடித்துக் கொடுத்துவிடுவார், ஹெச்.ஆருக்குத் தெரியாது. எல்லா ஃபைலுக்கும் விசாரணை நடப்பதில்லை. நடந்தால், கடிதத்தில் உள்ள மொபைல் எண்ணை விட்டுவிட்டு ஹோட்டலின் போர்டு நம்பருக்கு அடிப்பார்கள், அல்லது ஹோட்டல் பெயரில் உள்ள மின்னஞ்சலுக்கு எழுதுவார்கள். போனை எடுக்கிறவர் ஹெச்.ஆர். எக்ஸிக்யூட்டிவிடம் இணைப்பார். அவர் ஃபைலைப் புரட்டிப் பார்த்து, “அப்படி ஒரு லெட்டர் நாங்க கொடுக்கலையே” என்பார். அவர் சொன்னதும் உண்மை, கடிதத்தில் இருந்ததும் உண்மை. ஆனால் பாலாவின் ஃபைலில் பதிவாகிற குறிப்பு, ‘நிறுவனம் கடிதத்தை மறுத்தது’.

அதனால் ஒரே ஒழுங்கு. முதலில் பையன் ஹெச்.ஆரிடம் போய் சர்வீஸ் விவரம் வாங்க வேண்டும், சேர்ந்த தேதி, ஒவ்வொரு பதவி மாறிய தேதி, அந்தந்தக் காலச் சம்பளம். செஃப் அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுத வேண்டும், ஞாபகத்திலிருந்து இல்லை. எழுதிய கடிதத்துக்கு ஹெச்.ஆர். ஒரு ரெஃபரன்ஸ் எண் போட்டு, நகலைப் பையனின் பெர்சனல் ஃபைலில் வைக்க வேண்டும். செஃப் கையெழுத்துக்குக் கீழே ஹெச்.ஆரும் கையெழுத்துப் போட்டால் இன்னும் நல்லது. ஜிமெயில் முகவரியைக் கடிதத்தில் போடாதீர்கள், ஹோட்டலின் அலுவலக மின்னஞ்சலைப் போடுங்கள். ஹெச்.ஆர். கடிதம் மட்டும் தருவோம், செஃப் எழுதக் கூடாது என்று சொல்கிற ஹோட்டலா? அப்படியானால் பணிப் பத்தியை செஃப் எழுதிக் கொடுத்து, ஹெச்.ஆர். கடிதத்திலேயே அதைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். ‘நடத்தை திருப்தி’ என்று முடியும் இரண்டு வரி ரிலீவிங் லெட்டர் எதற்கும் உதவாது.

செஃப்கள் அடிக்கடி ஹோட்டல் மாறுகிறவர்கள், அங்கேயும் ஒரு ஆபத்து. பழைய ஹோட்டலின் லெட்டர்ஹெட் தாள் நாலைந்து கையில் மிச்சம் இருக்கும். புது ஹோட்டலில் சேர்ந்த பிறகு, பழைய தேதி போட்டு அதில் எழுதிக் கொடுப்பது உதவி இல்லை, போலி ஆவணம் தயாரிப்பது. செஃப், உங்கள் பெயரும் அந்த விசாரணையில் வரும். மாறிப் போன பிறகு பையன் வந்து கேட்டால், ‘நான் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை அந்த ஹோட்டலில் எக்ஸிக்யூட்டிவ் செஃபாக இருந்தேன், அப்போது இவர் என் கிச்சனில் வேலை செய்தார்’ என்று சொந்தப் பெயரில், இன்றைய தேதியில் எழுதுங்கள். அதோடு பழைய ஹோட்டலின் ஹெச்.ஆர். சான்றை அவன் இணைத்துக்கொள்ளட்டும். ஹோட்டல் மூடிவிட்டதென்றால், ஏன் கடிதம் கிடைக்கவில்லை என்று ஒரு விளக்கமும், பே ஸ்லிப், நியமனக் கடிதம், பி.எஃப். பாஸ்புக், வங்கிக் கணக்கும் வைக்கலாம்.

இதையெல்லாம் ஒழுங்காகச் செய்த கடிதத்தையும் கெடுக்க ஒருவர் இருக்கிறார். “லெட்டரை வாட்ஸ்அப்ல போடுங்க தம்பி, மிச்சத்த நாங்க பாத்துக்குறோம்” என்பவர். ஒரு நட்சத்திர ஹோட்டலின் லெட்டர்ஹெட், எக்ஸிக்யூட்டிவ் செஃபின் கையெழுத்து, முத்திரை மூன்றும் தெளிவாக ஸ்கேன் ஆகிக் கிடைத்தால், பெயரை மட்டும் மாற்றி இன்னொருவனுக்கு ஒரு கடிதம் தயாரிக்க அரைமணி நேரம் போதும். அப்படி ஒன்று பிடிபட்டால் அந்த ஹோட்டலின் பெயரில் வரும் நிஜக் கடிதங்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். “உங்க செஃப் லெட்டர் தரலைன்னா கவலைப்படாதீங்க, நாங்களே போட்டுத் தர்றோம்” என்று சொல்கிறவரிடம் அந்த வினாடியே எழுந்து வந்துவிடுங்கள். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லும் ஏஜென்ட் வெளியுறவுத் துறையில் பதிவு பெற்றவரா என்று emigrate.gov.in தளத்தில் பார்க்கலாம். பதிவு பெற்றவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சம் 30,000 ரூபாய், அதற்கு மேல் ஜி.எஸ்.டி. மட்டும். லட்சங்களில் பேசினாலே விஷயம் வேறு. கனடா குடியேற்ற ஆலோசகர் என்று பலகை மாட்டியிருந்தால், அந்த நாட்டின் ஆலோசகர் கல்லூரிப் பதிவேட்டில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு அரசுக்கே ஓவர்சீஸ் மேன்பவர் கார்ப்பரேஷன் என்று சென்னையில் ஒரு நிறுவனம் இருக்கிறது, அங்கேயும் விசாரிக்கலாம்.

செஃப்களுக்கு ஒரு யோசனை. கடிதத்தின் ஒவ்வொரு பத்தியிலும் பையனின் முழுப்பெயர் வருகிறபடி எழுதுங்கள், பணிகளும் அவனுக்கே உரியதாக இருக்கட்டும். அப்போது பெயரை மட்டும் மாற்றி இன்னொருவனுக்கு ஒட்டுவது எளிதில்லை. பாஸ்போர்ட் எண்ணைக் கடிதத்தில் எழுத வேண்டிய அவசியம் இல்லை. கையெழுத்துப் போட்ட கடிதத்தின் நகலும், எந்த நாளில் யாருக்குக் கொடுத்தீர்கள் என்ற குறிப்பும் உங்களிடம் இருக்கட்டும். இரண்டு வருஷம் கழித்து ஒரு மின்னஞ்சல் வந்து, ‘இதை நீங்கள் எழுதினீர்களா’ என்று கேட்டால், ஞாபகத்தை நம்பிப் பதில் சொல்லக் கூடாது.

வளைகுடா பக்கம் போகிறவர்கள், ‘நமக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை’ என்று நினைக்கலாம். அங்கே கடிதத்துக்கு மேல் டிரேட் டெஸ்ட் பேசும். தந்தூர் தெரியும் என்று கடிதத்தில் இருந்தால், முன்னால் ஒரு பட்டியை வைத்து மாவைப் பிசையச் சொல்வார்கள். நானை ஒட்டத் தெரியாமல் உள்ளே விழ விட்டால் கடிதமும் கூடவே விழுந்தது. தோசைக் கவுண்டர் பையனை தந்தூர்காரன் என்று எழுதுகிற செஃப், அவனை அந்தப் பட்டி முன்னால் தனியாக நிறுத்துகிறார்.

ஏற்கெனவே ஏத்திப் போட்ட கடிதத்தோடு விண்ணப்பம் போட்டுவிட்டவர்களுக்கு. முடிவு வரவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறது. கனடா துறையின் இணையப் படிவம் வழியாக, எந்த வரி தவறு, சரியான பதவி, தேதி, சம்பளம் என்ன என்று நீங்களே எழுதி, ஹெச்.ஆர். சான்றோடு திருத்திய கடிதத்தை அனுப்புங்கள். அதனால் ஒன்றும் ஆகாது என்று நான் உறுதி தர முடியாது, ஆனால் அவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகு சொல்வதைவிட இது பல மடங்கு மேல். அனுப்பும் முன் பதிவு பெற்ற ஆலோசகரிடமோ, குடியேற்ற வழக்கறிஞரிடமோ ஃபைலைக் காட்டுங்கள், முதல் கடிதத்தைத் தயாரித்துக் கொடுத்த ஏஜென்டிடம் காட்டாதீர்கள். விளக்கம் கேட்டு அதிகாரியின் கடிதம் ஏற்கெனவே வந்துவிட்டதா? அதில் எத்தனை நாள் கொடுத்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள், அன்றைக்கே ஹெச்.ஆருக்குப் போன் போடுங்கள். செஃபை வைத்து, முதல் கடிதத்தைத் தாங்கிப் பிடிக்கிற இரண்டாவது கடிதம் ஒன்றை மட்டும் வாங்கி அனுப்பிவிடாதீர்கள்.